வைப்பரில் லோடு மாட்டினால் நேர்கோடு ஏன் வளைகிறது? பொட்டென்ஷியோமீட்டரை மின்னழுத்தப் பகுப்பியாகப் பயன்படுத்த முழு வழிகாட்டி

பொட்டென்ஷியோமீட்டரின் இரு முனைகளில் 5 வோல்ட் கொடுத்து, குமிழை நடுவில் நிறுத்தினால், குமிழோடு சேர்ந்து நகரும் தொடுமுனையான வைப்பரில் 2.5 வோல்ட் வர வேண்டும். மல்டிமீட்டரும் அதையே காட்டும். ஆனால் அந்த வைப்பரை அடுத்த சர்க்யூட்டோடு இணைத்ததும் 2 வோல்ட் ஆகிவிடும், சில சமயம் 0.7கூட ஆகும். பெரும்பாலோர் உடனே பொட்டென்ஷியோமீட்டர் கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். அதுவும் அதையேதான் செய்யும்.

இந்த வளைவை மேசையில் வரவழைத்துப் பார்ப்பது, எவ்வளவு வளையும் என்று முன்கூட்டியே கணக்கிடுவது, பிறகு அதைச் சரிசெய்வது என்ற வரிசையில் போவோம். வரிசையை மாற்ற வேண்டாம். லோடு இல்லாத அளவை எடுக்காமல் லோடு மாட்டிய அளவைப் பார்த்தால், தவறு எங்கே நுழைந்தது என்று சொல்லவே முடியாது.

## 1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

10 கிலோஓம் லீனியர் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. 1 கிலோஓம், 10 கிலோஓம், 100 கிலோஓம் ரெசிஸ்டர்கள் ஒவ்வொன்று. பிரெட்போர்டு, 5 வோல்ட் சப்ளை, டிஜிட்டல் மல்டிமீட்டர். பழைய மொபைல் சார்ஜர் சப்ளைக்குப் போதும்.

டிஜிட்டல் மீட்டர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. வழக்கமான டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வோல்ட் அளவில் 10 மெகாஓம் இருக்கும். நம் 10 கிலோஓமோடு ஒப்பிட்டால் அது இருப்பதே தெரியாது. விலை குறைந்த முள் மீட்டர்களில் வோல்ட்டுக்கு 2 கிலோஓம்தான் கிடைக்கும். 10 வோல்ட் ரேஞ்சில் மொத்தம் 20 கிலோஓம். அதை வைப்பரில் வைத்தால், நடுவில் 2.5 இருக்க வேண்டிய இடத்தில் 2.22 காட்டும். அளக்கும் கருவியே லோடாகிவிட்டால் மிச்ச சோதனைக்கு அர்த்தமில்லை.

## 2. மூன்று கால்களை மின்சாரம் இல்லாமல் கண்டுபிடியுங்கள்

சாதாரண சுழலும் வகையில் நடுக்கால்தான் வைப்பர், ஓரக்கால்கள் இரண்டும் வைப்பர் உரசி நகரும் தடைப் பட்டையின், அதாவது தடத்தின் முனைகள். ஆனால் சின்ன டிரிம்மர்களில் கால்களின் அமைப்பு மாறும். அதனால் ஓம்மீட்டரால் உறுதி செய்துகொள்ளுங்கள். எந்த இரண்டு கால்களுக்கு இடையே, குமிழைத் திருப்பினாலும் தடை மாறவில்லையோ, அவை முனைகள். மிச்சமிருப்பது வைப்பர்.

இதைச் சப்ளை கொடுப்பதற்கு முன்பே செய்யச் சொல்வது வெறும் ஒழுங்குக்காக அல்ல. வைப்பரில் 5 வோல்ட்டும் ஒரு முனையில் கிரவுண்டும் மாறி இணைந்துவிட்டால், குமிழை அந்த முனைக்குத் திருப்பும்போது சப்ளை நேராக ஷார்ட் ஆகும். தடத்தின் கடைசிப் பகுதி கருகி வாசனை வரும். அதன் பிறகு அந்தப் பக்கம் திருப்பும்போதெல்லாம் அளவு குதிக்கும்.

முனைக்கு முனை உள்ள தடையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 10 கிலோஓம் என்று எழுதியிருந்தாலும் 9.4 அல்லது 11 இருப்பது சகஜம். கார்பன் வகைகளில் 20 சதவீதம் வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டதுதான். பகுப்பியாகப் பயன்படுத்தும்போது விகிதம் மட்டுமே முக்கியம் என்பதால் இது கெடுதல் செய்யாது. ஆனால் ஏழாம் படியில் இந்த எண் வேண்டும்.

## 3. லீனியர்தானா என்று சோதியுங்கள்

உடலில் ‘பி’ என்ற எழுத்து இருந்தால் இன்று நம் கடைகளில் கிடைக்கும் பெரும்பாலானவற்றில் லீனியர், ‘ஏ’ என்றால் ஆடியோ வகை. பழைய ஐரோப்பியக் குறியீட்டில் இது தலைகீழ். எனவே எழுத்தை நம்பாமல் அளந்து பார்ப்பதுதான் சரி.

குமிழைச் சுழலும் தூரத்தின் சரிபாதியில் நிறுத்தி, வைப்பருக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையிலான தடையை அளவிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் லீனியர். ஒரு பக்கம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கிறது என்றால் ஆடியோ வகை. அதை வைத்துச் சோதனை செய்தால் தடத்தின் வளைவும் லோடின் வளைவும் கலந்துவிடும். இரண்டையும் பிரிக்க முடியாமல் மணிக்கணக்கில் குழம்புவீர்கள்.

## 4. லோடு இல்லாமல் அளவெடுங்கள்

ஒரு முனையை 5 வோல்ட்டிலும் மறுமுனையைக் கிரவுண்டிலும் இணையுங்கள். மீட்டரின் கருப்புக் கம்பி கிரவுண்டில், சிவப்பு வைப்பரில். முதலில் சப்ளையையே அளந்து எழுதுங்கள். 5.08 என்று இருந்தால் எல்லாக் கணக்கும் 5.08-இலிருந்துதான். கீழே வசதிக்காக 5.00 என்று வைத்துக்கொள்கிறேன்.

குமிழின் நிலையைக் கண்ணால் பார்த்து, ‘இதுதான் கால்வாசி’ என்று முடிவு செய்யாதீர்கள். சாதாரணக் குமிழ்கள் சுமார் 300 டிகிரிதான் சுழலும், அதிலும் இரு ஓரங்களில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் மாறாது. லோடு இல்லாத வோல்ட்தான் உண்மையான நிலையைச் சொல்லும். 1.25 வந்தால் கால்வாசி, 2.50 வந்தால் பாதி, 3.33 வந்தால் மூன்றில் இரண்டு. இப்படி மின்னழுத்தத்தை வைத்து நிலையைப் பிடித்தால், நாம் பார்க்கப் போகும் வளைவு முழுவதும் லோடினால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

## 5. குமிழைத் தொடாமல் லோடு மாட்டுங்கள்

வைப்பரை 2.50-இல் நிறுத்துங்கள். இனி குமிழில் கை வைக்கக் கூடாது. 10 கிலோஓம் ரெசிஸ்டரை வைப்பருக்கும் கிரவுண்டுக்கும் இடையில் செருகுங்கள். மீட்டர் 2.00-க்கு இறங்கும். ரெசிஸ்டரை எடுத்தால் மறுபடி 2.50. எடுத்தபின் 2.50-க்குத் திரும்பவில்லை என்றால் குமிழ் நகர்ந்திருக்கிறது. முதலிலிருந்து செய்யுங்கள்.

இதையே மற்ற நிலைகளிலும், மற்ற ரெசிஸ்டர்களாலும் செய்தால் ஏறக்குறைய இந்த எண்கள் வரும்:

| குமிழின் நிலை | லோடு இல்லை | 100 கிலோஓம் | 10 கிலோஓம் | 1 கிலோஓம் |
|---|---|---|---|---|
| 0 | 0 | 0 | 0 | 0 |
| 1/4 | 1.25 | 1.23 | 1.05 | 0.43 |
| 1/2 | 2.50 | 2.44 | 2.00 | 0.71 |
| 2/3 | 3.33 | 3.26 | 2.73 | 1.03 |
| 3/4 | 3.75 | 3.68 | 3.16 | 1.30 |
| 1 | 5.00 | 5.00 | 5.00 | 5.00 |

முதல் வரியையும் கடைசி வரியையும் பாருங்கள். எந்த லோடு மாட்டினாலும் அவை அசையவில்லை. புதிதாகச் செய்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். முழுக்க இடது பக்கம் திருப்பி 0, முழுக்க வலது பக்கம் திருப்பி 5 வருகிறதா என்று பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று பெட்டியை மூடிவிடுவார்கள். கோணல் முழுவதும் நடுவில்தான் இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு நிலையில் ஒருமுறை அளந்திருந்தால் அப்போதே பிடிபட்டிருக்கும்.

## 6. வளைவது ஏன்?

லோடு இல்லாதபோது தடத்தின் மேல்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. அதனால் மின்னழுத்தம் நீளத்துக்கு ஏற்ப நேராகப் பிரிகிறது. லோடு மாட்டியதும் அது கீழ்ப்பகுதிக்கு இணையாக உட்காருகிறது. கீழ்ப்பக்கத்தின் தடை குறைகிறது, மேல்பக்கம் அப்படியே இருக்கிறது. விகிதம் கிரவுண்டு பக்கம் சாய்கிறது.

நடு நிலையையே எடுத்துக்கொள்வோம். மேலே 5 கிலோஓம், கீழே 5 கிலோஓம். கீழே உள்ளதற்கு இணையாக 10 கிலோஓம் சேர்ந்தால் அது 3.33 கிலோஓம் ஆகிறது. 8.33-இல் 3.33 பங்கு, அதாவது 5 வோல்ட்டில் 2 வோல்ட். மீட்டர் காட்டியதும் அதுதான்.

வேறு விதமாகவும் பார்க்கலாம். வைப்பரிலிருந்து உள்ளே பார்த்தால், மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் இணையாகச் சேர்ந்த ஒரு மூலத் தடை தெரியும். அதன் அளவு இது:

```
Rs = x(1 − x)R
```

`x` குமிழின் நிலை, 0 முதல் 1 வரை. `R` பொட்டென்ஷியோமீட்டரின் மொத்தத் தடை. நடுவில் இது அதிகபட்சமாக `R/4`, முனைகளில் பூஜ்யம். முனைகளில் வைப்பர் நேராகச் சப்ளையையோ கிரவுண்டையோ தொட்டுக்கொண்டிருப்பதால் லோடு அங்கே எதையும் இழுத்துச் சாய்க்க முடியாது. நிலைக்கு நிலை மூலத் தடை மாறுவதால்தான் நேர்கோடு மொத்தமாகச் சரியாமல் வளைகிறது. மூலத் தடை எல்லா நிலையிலும் ஒன்றாகவே இருந்திருந்தால் கோடு தாழ்ந்திருக்கும், ஆனால் நேராகவே இருந்திருக்கும்.

லோடு கிரவுண்டுக்குப் போகாமல் 5 வோல்ட் பக்கம் போனால், அதாவது அடுத்த சர்க்யூட்டில் புல்-அப் ரெசிஸ்டர் இருந்தால், இதே வளைவு மேல்நோக்கி வரும். எதிர்பார்த்ததைவிட அளவு கூடுதலாக வருகிறது என்றால் அங்கே தேடுங்கள்.

## 7. எவ்வளவு வளையும் என்று கணக்கிடுங்கள்

முழுச் சூத்திரம் இது:

```
Vout = V · x / (1 + k · x(1 − x)),   k = R / RL
```

`RL` என்பது லோடின் தடை. எல்லாம் `k`-யில் அடங்கியிருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டர் 10 கிலோஓமா 100 கிலோஓமா என்பதைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. லோடோடு ஒப்பிட்டு எத்தனை மடங்கு என்பதே கேள்வி.

`k` சிறியதாக இருந்தால் மிகப்பெரிய பிழை மூன்றில் இரண்டு பங்கு நிலையில் வரும். மூலத் தடை அதிகமாக இருப்பது பாதியில்தானே என்று கேட்கலாம். ஆனால் பிழை, மூலத் தடையோடு அந்த இடத்தில் உள்ள மின்னழுத்தத்தையும் பொறுத்தது. மேலே போகப் போக மின்னழுத்தம் கூடுவதால் உச்சம் கொஞ்சம் தள்ளிப் போகிறது. அந்தப் பிழை முழு அளவில் ஏறக்குறைய 15 சதவீதத்தை `k`-யால் பெருக்கியது. லோடு 10 மடங்கு பெரிதாக இருந்தால் சுமார் 1.5 சதவீதம், 100 மடங்கு என்றால் 0.15 சதவீதம். ஒரு சாதாரணக் கைக் குமிழுக்கு 10 மடங்கு போதும் என்பது என் எண்ணம். குமிழைச் சுற்றி எண்கள் அச்சடித்து அவற்றை நம்பப் போகிறீர்கள் என்றால் 100 மடங்காவது வேண்டும்.

சரி, லோடின் தடையே தெரியவில்லை என்றால்? வாங்கிய மாட்யூல்களில் பெரும்பாலும் அதை எழுதியிருக்க மாட்டார்கள். இந்த வளைவை வைத்தே கண்டுபிடிக்கலாம். லோடு இல்லாமல் வைப்பரைச் சரிபாதி மின்னழுத்தத்தில் நிறுத்துங்கள். அங்கே மூலத் தடை `R/4` என்று நமக்குத் தெரியும். பிறகு மாட்யூலை இணைத்து அளவிடுங்கள்.

```
RL = (R/4) · V2 / (V1 − V2)
```

`V1` இணைக்கும் முன், `V2` இணைத்த பின். உதாரணமாக, இரண்டாம் படியில் அளந்தபோது மொத்தத் தடை 9.4 கிலோஓம் என்று வந்திருக்கட்டும். இணைக்கும் முன் 2.50, இணைத்த பின் 2.14. மூலத் தடை 2.35 கிலோஓம். அதை 2.14-ஆல் பெருக்கி 0.36-ஆல் வகுத்தால் சுமார் 14 கிலோஓம். அட்டையில் எழுதிய 10 கிலோஓமை வைத்துக் கணக்கிட்டிருந்தால் கிட்டத்தட்ட 15 வந்திருக்கும். மாட்யூலுக்கு மின்சாரம் கொடுத்து, கிரவுண்டை இணைத்த நிலையில்தான் இதைச் செய்ய வேண்டும். மின்சாரம் இல்லாத ஐசியின் உள்ளீடு வேறு விதமாக நடந்துகொள்ளும்.

இந்தக் கணக்கு ரெசிஸ்டர் போல நடக்கும் லோடுக்கு மட்டுமே. எல்இடி, மோட்டார் போன்றவற்றுக்கு ஒரே `RL` என்று ஒன்று கிடையாது.

## 8. சரிசெய்யும் வரிசை

முதலில் சிறிய பொட்டென்ஷியோமீட்டர். லோடு 10 கிலோஓம் என்றால் 1 கிலோஓம் லீனியர் ஒன்றை மாட்டுங்கள். வேறு எதையும் மாற்றாமல் பிழை 1.5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதற்கான விலை, சப்ளையிலிருந்து எப்போதும் ஓடும் 5 மில்லிஆம்பியர். மொபைல் சார்ஜருக்கு அது ஒன்றுமில்லை, பேட்டரிக்கு வலிக்கும். இன்னும் இறங்கி 100 ஓம் மாட்டினால் 50 மில்லிஆம்பியர், கால் வாட் சூடு. சிறிய கார்பன் வகைகள் பலவற்றின் தாங்குதிறனே 0.1 முதல் 0.25 வாட்தான், எனவே அங்கே போக வேண்டாம்.

அது போதாவிட்டால் பஃபர். ஒரு ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டை அதன் மைனஸ் உள்ளீட்டிலேயே இணைத்து, பிளஸ் உள்ளீட்டில் வைப்பரைக் கொடுங்கள். வைப்பருக்கு இப்போது லோடே இல்லாதது போல ஆகிவிடும். அடுத்த சர்க்யூட்டுக்கு வேண்டிய மின்னோட்டத்தை ஆப்-ஆம்ப் தரும்.

எல்லார் டப்பாவிலும் எல்எம்358 இருக்கும் என்பதால் அதைத்தான் எடுப்பார்கள். 5 வோல்ட் சப்ளையில் அதன் வெளியீடு ஏறக்குறைய 3.5 வோல்ட்டுக்கு மேல் போகாது. குமிழின் கடைசிப் பகுதியில் திருப்பத் திருப்ப அளவு மாறாமல் நிற்கும். லோடு வளைவைச் சரிசெய்யப் போய் மேல்பக்கத்தை வெட்டிவிட்டோம் என்று அர்த்தம். எல்எம்358-க்கு 9 அல்லது 12 வோல்ட் சப்ளை கொடுங்கள், அல்லது 5 வோல்ட்டிலேயே முழு வீச்சும் தரும் எம்சிபி6002 போன்றதைப் போடுங்கள். எட்டுக்கால் உறையில் இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றுதான்: 3 வைப்பருக்கு, 2-உம் 1-உம் சேர்த்து வெளியீடு, 8 சப்ளை, 4 கிரவுண்டு. எம்சிபி6002-க்கு 6 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. இரண்டையும் மாற்றி மாற்றிச் சோதிக்கும்போது 12 வோல்ட்டை மறந்து விட்டுவைப்பது அடிக்கடி நடக்கிறது.

8-க்கும் 4-க்கும் இடையில் 0.1 மைக்ரோஃபேரட் கெபாசிட்டர் ஒன்றைப் பக்கத்திலேயே வையுங்கள். உறைக்குள் இருக்கும் இரண்டாவது ஆப்-ஆம்ப்பை அந்தரத்தில் விடாமல் 5-ஐக் கிரவுண்டிலும் 6-ஐ 7-உடனும் இணைத்துவிடுங்கள்.

இரண்டும் முடியாதபோது கணக்கில் திருத்துங்கள். ஏற்கெனவே மூடிய பெட்டி, லோடு மாறாத ரெசிஸ்டர், வைப்பரை ஆர்டுயினோவும் படிக்கிறது என்றால், படித்த அளவிலிருந்து குமிழின் உண்மை நிலையைத் திருப்பி எடுக்கலாம்:

```cpp
float knob(int pin, float k) {
  float y = analogRead(pin) / 1023.0;
  float a = 1 - k * y;
  return 2 * y / (a + sqrt(a * a + 4 * k * y * y));
}
```

10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர், 10 கிலோஓம் லோடு என்றால் `k` 1. 2 வோல்ட் படித்தால் `y` 0.4, விடை 0.5. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசியின் ரெஃபரன்ஸ் மின்னழுத்தமும் பொட்டென்ஷியோமீட்டருக்குக் கொடுத்த சப்ளையும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் விகிதமே தப்பு. `k` பெரிதாகப் பெரிதாக இது சோர்ந்துவிடும். 1 கிலோஓம் லோடில் குமிழின் கீழ்ப்பாதி முழுவதும் 1023-இல் சுமார் 146 படிகளுக்குள் நெருங்கிக் கிடக்கும். அங்கே இல்லாத துல்லியத்தை எந்தக் கணக்காலும் கொண்டுவர முடியாது.

ஆர்டுயினோ உனோவின் அனலாக் பின் மட்டும்தான் லோடு என்றால் இந்த வம்பே வேண்டாம். 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரை நேராகக் கொடுக்கலாம். அந்த ஏடிசி 10 கிலோஓம் அல்லது அதற்குக் கீழான மூலத் தடைக்காக வடிவமைக்கப்பட்டது, நம்முடையது அதிகபட்சம் 2.5. இதை 100 கிலோஓமாக மாற்றினால் மூலத் தடை 25 ஆகிவிடும். பல பின்களை மாற்றி மாற்றிப் படிக்கும்போது முந்தைய பின்னின் அளவு இதில் ஒட்டிக்கொண்டு வரும்.

## 9. அடிக்கடி காணும் தவறுகள்

வைப்பரில் நேராக எல்இடி. 10 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டரின் வைப்பரில் 220 ஓம் வழியாகச் சிவப்பு எல்இடியை மாட்டுவது எல்லாரும் முதலில் செய்து பார்ப்பது. நடு நிலையில் அரை மில்லிஆம்பியர்கூட வராது, எல்இடி மங்கலாகக் கிடக்கும். கடைசி ஓரத்தில் சட்டென்று பிரகாசிக்கும். அந்த ஓரத்தில், மேல்பக்கம் 100 ஓம் மட்டும் மிச்சமிருக்கும்போது, ஒன்பது மில்லிஆம்பியருக்கு மேல் அந்தச் சின்னத் துண்டு வழியாக ஓடுகிறது. பொட்டென்ஷியோமீட்டரின் தாங்குதிறன் 0.2 வாட் என்றால், அது முழுத் தடத்துக்கும் சேர்த்துச் சொன்ன கணக்கு. 10 கிலோஓமுக்கு அது சுமார் 4.5 மில்லிஆம்பியர்தான். தடத்தின் எந்தத் துண்டிலும் அதைத் தாண்டக் கூடாது. மோட்டாரை இப்படி மாட்டுபவர்களுக்கு மோட்டாரும் சுற்றாது, தடமும் மிஞ்சாது.

கிரவுண்டை இணைக்க மறப்பது. பொட்டென்ஷியோமீட்டருக்கு ஒரு சப்ளை, லோடுக்கு வேறு சப்ளை. இரண்டு கிரவுண்டும் சேரவில்லை என்றால் லோடு மின்னோட்டம் திரும்பப் பாதையில்லை. மீட்டரில் அளவு மிதக்கும், கம்பியைத் தொட்டால் மாறும். வளைவு இப்படி ஆடாது. குறிப்பிட்ட நிலையில் குறிப்பிட்ட அளவையே திரும்பத் திரும்பக் காட்டும்.

வளைவைத் தேய்மானத்தோடு குழப்பிக்கொள்வது. லோடை எடுத்ததும் அளவு சரியாகிவிட்டால் தடம் நன்றாக இருக்கிறது. லோடு இல்லாமலும் திருப்பும்போது எண்கள் குதித்தால், அல்லது ஓரிடத்தில் திடீரென்று பூஜ்யம் காட்டினால், அது தேய்ந்த தடம் அல்லது அழுக்கு. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும், புதிது வாங்கும் முன் செய்துவிடுங்கள்.

வேண்டுமென்றே செய்த வளைவைத் திருத்துவது. சில பழைய ஆம்ப்ளிஃபையர்களில் லீனியர் வால்யூம் கண்ட்ரோலின் வைப்பரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு சிறிய ரெசிஸ்டர் இருக்கும். பிழை என்று நினைத்து எடுத்துவிடாதீர்கள். மொத்தத் தடையில் பத்தில் ஒரு பங்கு ரெசிஸ்டர் போட்டால் நடு நிலையில் 14 சதவீதம்தான் வரும். மேலே உள்ள அட்டவணையின் கடைசிப் பத்தி அதேதான். காதுக்கு ஏற்ற ஆடியோ வளைவை லீனியர் பொட்டென்ஷியோமீட்டரிலிருந்து மலிவாக எடுக்க அப்படிப் போட்டிருப்பார்கள்.